4,033 ரூபாய் 30 பைசா எங்கே போச்சு? பேங்க் ஸ்டேட்மென்ட்டும் லெட்ஜரும் ஒத்துப் போகாதப்போ வரி வரியா தேடுறது எப்படி

போன ஜூலையில ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு தம்பி போன் பண்ணார். ஐடி கம்பெனியில வேலை, வயசு 26. அவங்க அப்பார்ட்மென்ட்ல 18 வீடு. "நீதான் எக்செல் எல்லாம் நல்லா போடுவியே"ன்னு சொல்லி அசோசியேஷன் பொருளாளர் பதவியை அவர் தலையில கட்டிட்டாங்க. மறுநாள் காலையில மீட்டிங். ஜூன் 2025 கணக்கை வாசிக்கணும். அவரோட லெட்ஜர்ல ஜூன் 30 இருப்பு 87,620 ரூபாய். பேங்க் ஸ்டேட்மென்ட்ல 91,653.30. வித்தியாசம் 4,033.30.

"பேங்க்லதானே அண்ணா அதிகமா இருக்கு. 'இதர வரவு 4,033.30'னு ஒரு வரி போட்டு முடிச்சிடட்டுமா?"ன்னு கேட்டார். அதோட இன்னொன்னும் சொன்னார். மெயின்டனன்ஸ் கட்டாதவங்க பேரை நோட்டீஸ் போர்டுல போடுறது அங்க வழக்கமாம். ஜூன் மாசம் கட்டாதது ஒரே ஒரு வீடு. தனியா இருக்கிற ஒரு வயசான அம்மா. நோட்டீஸ் டைப் பண்ணி வெச்சாச்சு.

அந்த ஒரு வரியை மட்டும் போடாதீங்கன்னு சொல்லிட்டு, ரெண்டு ஃபைலையும் அனுப்பச் சொன்னேன். அவர் அனுமதியோடதான் இதை எழுதுறேன். உங்க சேலரி அக்கவுண்ட்டுக்கு நீங்களே ஒரு செலவுக் கணக்கு எழுதுறீங்கன்னாலும் வேலை இதேதான். வரிகள்தான் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

முதல்ல, எடுத்த டேட்டாவே சரியா?

ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பா வந்துச்சு. அதை எக்செலுக்கு மாத்தியிருந்தார். நெட் பேங்கிங்ல எக்செல் அல்லது சிஎஸ்வி ஃபார்மட்ல இறக்க வழி இருந்தா அதையே எடுங்க, பாதித் தலைவலி குறையும். இல்லைன்னா எக்செல்லயே Data > Get Data > From File > From PDF இருக்கு. கூகுள்ல தேடிக் கிடைக்கிற முன்பின் தெரியாத இலவச கன்வெர்ட்டர்ல உங்க ஸ்டேட்மென்ட்டை ஏத்தாதீங்க. அக்கவுண்ட் நம்பர், முகவரி, யார் யாருக்குப் பணம் போகுதுங்கிற விவரம் எல்லாம் அதுல இருக்கு.

பிடிஎஃப்ல இருந்து எடுக்கும்போது சில விஷயங்கள் உடையும். ஒரு பரிவர்த்தனையோட விவரம் நீளமா இருந்தா ரெண்டு மூணு வரியா பிரிஞ்சு விழும். பக்கம் மாறுற இடத்துல ஒரு வரி காணாமப் போகும். டெபிட் தொகை கிரெடிட் காலத்துல போய் உட்காரும். தேதி இன்னும் மோசம். உங்க கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில செட் ஆகியிருந்தா 05/06/2025 மே 6 ஆயிடும், 19/06/2025 தேதியாவே மாறாம வெறும் எழுத்தா நிக்கும். தேதி காலத்துல சிலது இடது பக்கமும் சிலது வலது பக்கமும் ஒட்டி நின்னா இதுதான் காரணம்.

தம்பிகிட்ட "எடுத்த டேட்டாவை சரி பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "பார்த்தேன் அண்ணா. ஆரம்ப இருப்பு 86,340, அதோட கிரெடிட் எல்லாம் கூட்டி டெபிட் எல்லாம் கழிச்சா கடைசி இருப்பு கரெக்டா வருது." நல்ல செக்தான். ஆனா அது மொத்தத்துக்கான செக். ஸ்டேட்மென்ட்ல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அப்போதைய இருப்பு அச்சாகியிருக்கும். அதை வெச்சு ஒவ்வொரு வரியையும் தனித்தனியா சோதிக்கலாம். C டெபிட், D கிரெடிட், E இருப்பு, ரெண்டாவது வரி ஆரம்ப இருப்புன்னு வெச்சுக்கோங்க. மூணாவது வரியில இந்த ஃபார்முலாவைப் போட்டு கீழ வரைக்கும் இழுங்க:

```
=ROUND(E2+D3-C3-E3,2)
```

முந்தைய இருப்போட வரவைக் கூட்டி, செலவைக் கழிச்சு, அச்சான இருப்பையும் கழிச்சா ஒவ்வொரு வரியிலயும் பூஜ்யம் வரணும். அவர் ஷீட்ல ரெண்டு இடத்துல வரலை. ஒரு இடத்துல -2500, இன்னொரு இடத்துல +2500.

-2500 வந்தது ரெண்டாவது பக்கம் தொடங்குற இடம். ஒரு வீட்டோட மெயின்டனன்ஸ் வரவு 2,500 பக்க மாற்றத்துல விழுந்துடுச்சு. இருப்பு 2,500 ஏறியிருக்கு, ஆனா ஏத்தின வரியைக் காணோம். +2500 வந்தது பிளம்பருக்குக் கொடுத்த 1,250 வரியில. அந்தத் தொகை கிரெடிட் காலத்துக்கு நகர்ந்திருந்துச்சு. கழிக்க வேண்டியதைக் கூட்டினா தப்பு ரெண்டு மடங்கா தெரியும், அதனாலதான் 1,250க்கு 2,500. ஒண்ணு மைனஸ், ஒண்ணு பிளஸ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டதால மொத்தம் சரியா வந்திருக்கு. இப்படி அமையுறது அபூர்வம்தான், ஆனா அன்னைக்கு அமைஞ்சுது. பிடிஎஃப்பைத் திறந்து பார்த்து ரெண்டையும் திருத்தினோம். 27 வரியா இருந்த பேங்க் ஷீட் 28 ஆச்சு. லெட்ஜர்ல 26 வரி.

VLOOKUP ஏன் பொய் சொல்லுது

அடுத்து ஒப்பிடணும். அதுக்கு முன்னாடி ரெண்டு ஷீட்லயும் தொகையை ஒரே காலத்துக்குக் கொண்டு வரணும். பணம் வந்தா பிளஸ், போனா மைனஸ். பேங்க் ஸ்டேட்மென்ட்ல கிரெடிட்டுன்னு இருக்கிறது நம்ம லெட்ஜர்ல டெபிட்டா வரும், ஏன்னா அது பேங்க்கோட பார்வையில எழுதினது. பிளஸ் மைனஸா மாத்திட்டா இந்தக் குழப்பம் போயிடும். பேங்க் ஷீட்ல இதை F காலத்துல போட்டோம்.

தம்பி ஏற்கனவே VLOOKUP போட்டுப் பார்த்திருந்தார். லெட்ஜர்ல இருக்கிற ஒவ்வொரு தொகையும் பேங்க்ல இருக்கான்னு கேட்டிருக்கார். 17 மெயின்டனன்ஸ் வரவுக்கும் "இருக்கு"ன்னு வந்திருக்கு. வராம என்ன செய்யும்? எல்லாமே 2,500. VLOOKUP முதல்ல கண்ணுல படுற 2,500ஐ எடுத்துக் காட்டும். 17 தடவை கேட்டாலும் அதே வரியைத்தான் காட்டும். பேங்க்ல ஒரே ஒரு 2,500 இருந்திருந்தாகூட 17 பேரும் கட்டிட்டதாத்தான் சொல்லியிருக்கும்.

சிலர் இதுக்கு ஒரு வழி செய்வாங்க. முதல் 2,500, ரெண்டாவது 2,500ன்னு ரெண்டு பக்கமும் வரிசை எண் கொடுத்து ஒப்பிடுவாங்க. அதுல எண்ணிக்கை சரியாயிடும். லெட்ஜர்ல 17, பேங்க்ல 16, அதனால கடைசி ஒண்ணு மிஞ்சும். கடைசி வரி ஜூன் 28 தேதியிட்ட ஒரு செக். அதை டெபாசிட் பண்ணதே ஜூன் 30 சாயங்காலம், ஜூலையிலதான் வரவாகும். "ஆமா, செக் இன்னும் கிளியர் ஆகலை, அதான் மிஞ்சுது"ன்னு நிம்மதியா மூடி வெச்சிடுவோம். மீதி 16க்கு 16 சரி. உண்மையில சரியில்லை. எண்ணிக்கை ஒத்துப் போச்சு, ஆட்கள் ஒத்துப் போகலை.

ஆளைக் கண்டுபிடிக்க யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் வேணும். ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனைக்கும் 12 இலக்கத்துல ஒரு எண் இருக்கும். பணம் அனுப்பினவர் ஆப்லயும் அது தெரியும், பேங்க் ஸ்டேட்மென்ட் விவரத்துலயும் அச்சாகும். நல்ல காலம், முந்தைய பொருளாளர் கறாரான ஆள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்ல இருந்து அந்த எண்ணை லெட்ஜர்ல எழுதுற பழக்கத்தை ஏற்படுத்திட்டுப் போயிருந்தார். லெட்ஜர்ல D காலத்துல அந்த எண், பேங்க் ஷீட்ல B காலத்துல விவரம்:

```
=IF(D2="","",COUNTIF(Bank!B:B,"*"&D2&"*"))
```

விவரத்துக்குள்ள எங்கேயாவது அந்த எண் இருந்தா 1 வரும், இல்லைன்னா 0. முன்னாடி அந்த IF எதுக்குன்னா, எண் எழுதாத வரியில COUNTIF "எது வேணா சரி"ன்னு எடுத்துக்கிட்டு எல்லா வரியையும் எண்ணிடும். அப்புறம், விவரம் ரெண்டு வரியா உடைஞ்சிருந்தா எண்ணும் நடுவுல உடைஞ்சிருக்கலாம். அதையெல்லாம் ஒரே செல்லுல சேர்த்த பிறகுதான் இதைப் போடணும், இல்லைன்னா பொய்யா 0 வரும்.

15 மெயின்டனன்ஸ் வரவுக்கு 1 வந்துச்சு. தண்ணி லாரிக்குக் கொடுத்த நாலு 1,800க்கும் வந்துச்சு. எண் எழுதியிருந்தும் ஒரு வீட்டுக்கு 0.

ஜோடி சேர்ந்த வரிகளை ரெண்டு பக்கமும் வேற ஷீட்டுக்கு நகர்த்திடணும். இல்லைன்னா அதே வரி இன்னொருத்தருக்கும் ஜோடியாகும். மிஞ்சினதுல, எண் இல்லாத வரிகளைத் தொகையும் தேதியும் வெச்சுத் தேடலாம். லெட்ஜர்ல A தேதி, C தொகை. முன்னபின்ன மூணு நாள் இடம் கொடுக்கிறோம்:

```
=COUNTIFS(Bank!F:F,C2,Bank!A:A,">="&A2-3,Bank!A:A,"<="&A2+3)
```

சரியா 1 வந்தாத்தான் ஜோடி. 2 வந்தா கண்ணால பார்த்து முடிவு பண்ணுங்க. மூணு நாளைப் பத்து நாளா நீட்டினா நிறைய ஜோடி சேரும், அதுல தப்பான ஜோடியும் சேரும். வாட்ச்மேன் சம்பளம் 14,000, ஹவுஸ்கீப்பிங் 6,000, பிளம்பர் 1,250 மூணும் இதுல அடங்கிடுச்சு. மொத்தம் 22 ஜோடி.

மிஞ்சின பத்து வரி

லெட்ஜர்ல நாலு, பேங்க்ல ஆறு. உண்மையான வேலை இந்தப் பத்து வரியிலதான்.

முதல்ல சுலபமானது. பேங்க்ல ஜூன் 30 வட்டி 561 ரூபாய், எஸ்எம்எஸ் கட்டணம் 17.70. 15 ரூபாய் கட்டணம், அதுக்கு 18% ஜிஎஸ்டி. ரெண்டும் பேங்க்கே போடுறது, ஸ்டேட்மென்ட் பார்க்கிற வரை நமக்குத் தெரியாது. லெட்ஜர்ல எழுத வேண்டியதுதான். வித்தியாசத்துல அந்த 30 பைசா எங்கிருந்து வந்துச்சுன்னும் இதுலயே தெரிஞ்சு போச்சு.

பேங்க்ல ஜூன் 12 ஒரு 1,800 டெபிட், ஜூன் 13 ஒரு 1,800 கிரெடிட். ரெண்டுலயும் ஒரே ரெஃபரன்ஸ் எண். லாரிக்காரருக்கு அனுப்பினது ஃபெயில் ஆகி, அவர் மறுபடி அனுப்பியிருக்கார். முதல்ல போனது மறுநாள் திரும்பி வந்திருக்கு. தனிநபருக்கு அனுப்பின யுபிஐ இப்படி மாட்டினா, அடுத்த நாளுக்குள்ள தானா திரும்பணும், தாமதமானா ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இருக்கு. இந்த ரெண்டு வரியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், இருப்புல மாற்றம் இல்லை. வரிசை எண் முறையில போயிருந்தா அஞ்சாவது 1,800, அதாவது ஜூன் 26 கொடுத்தது மிஞ்சியிருக்கும். ஒழுங்கா பணம் வாங்கின லாரியைப் பத்தி விசாரிச்சுக்கிட்டு இருந்திருப்போம்.

அடுத்தது காமன் ஈபி பில். லெட்ஜர்ல ஜூன் 10, 6,870. பேங்க்ல அதே தேதி, 6,780. வித்தியாசம் 90. பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறினா வித்தியாசம் எப்பவும் 9ஆல வகுபடும். 90ம் வகுபடுது. 9ஆல வகுபடுற எல்லா வித்தியாசமும் இடமாற்றம்தான்னு அர்த்தம் இல்லை, இது ஒரு துப்பு மட்டும்தான். பேங்க்ல இருக்கிறதுதான் சரின்னும் எடுத்துக்கக் கூடாது. பில்லைப் பார்க்கணும். பில்லுல 6,780. லெட்ஜரைத் திருத்தினோம்.

ரெண்டு செக். லிஃப்ட் பராமரிப்புக்கு ஜூன் 26 கொடுத்த 5,900 செக்கை அவங்க இன்னும் பேங்க்ல போடலை. அப்புறம் மேல சொன்ன 2,500 செக். ரெண்டுலயும் லெட்ஜர் சரி, பேங்க்குக்குத்தான் இன்னும் போய்ச் சேரலை. லெட்ஜரைத் தொடக்கூடாது.

இப்போ பாக்கி ரெண்டே வரி. லெட்ஜர்ல ஒரு 2,500, பேங்க்ல ஒரு 2,500.

லெட்ஜர்ல இருக்கிறது ஸ்கிரீன்ஷாட் வந்த ஒரு வீடு. வாட்ஸ்அப் குரூப்ல தேடி அந்தப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம். தொகை பெரிய எழுத்துல 2,500. கீழ சின்ன எழுத்துல, பணம் இன்னும் செயல்பாட்டில் இருக்குன்னு ஆங்கிலத்துல போட்டிருக்கு. அனுப்பினவரும் கவனிக்கலை, வரவு வெச்ச தம்பியும் கவனிக்கலை. அந்த ராத்திரியே அவருக்கு மெசேஜ் போட்டார். அவர் தன் அக்கவுண்ட்டைப் பார்த்துட்டு, மறுநாளே பணம் திரும்பி வந்திருக்கு, ஸாரின்னு சொல்லி அப்பவே அனுப்பிட்டார்.

பேங்க்ல இருக்கிறது ஜூன் 9 ஒரு நெஃப்ட் வரவு. விவரத்துல ஒரு பெண் பேர். 18 வீட்டுல யார் பேரும் அது இல்லை. யாருன்னு தெரியாததால தம்பி லெட்ஜர்ல ஏத்தாம விட்டுட்டார். அப்புறம் மறந்தும் போச்சு. காலையில ஏழு மணிக்கு அந்த வயசான அம்மா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கார். "ஆமாப்பா, என் பொண்ணுதான் அனுப்பிச்சா. போன மாசம் வரைக்கும் நான் காசா கொடுத்துட்டிருந்தேன். நடக்க முடியலைன்னு அவளையே அனுப்பச் சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லணும்னே தோணலை."

நோட்டீஸ்ல பேர் வந்திருக்க வேண்டியவர் அவங்க இல்லை. மொத்தத் தொகையிலயோ எண்ணிக்கையிலயோ இது எந்தக் காலத்துலயும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா ரெண்டும் அதே 2,500. "இதர வரவு"ன்னு 4,033.30 போட்டு இருப்பை ஒட்ட வெச்சிருந்தா, அவங்க பேர் போர்டுலயும் ஃபெயிலான வீடு "கட்டியாச்சு" லிஸ்ட்லயும் இருந்திருக்கும். பார்க்க நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்தான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒத்துப் போகாம நின்னதை எல்லாம் பிளஸ் மைனஸ் பார்க்காம கூட்டினா 17,668.70 வருது. ஈபி பில்லுக்கு அந்த 90ஐ மட்டும்தான் சேர்த்திருக்கேன்.

ரெண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு வரணும்

கண்டுபிடிச்சதை இப்படி எழுதி முடிக்கணும். லெட்ஜர் தப்பை லெட்ஜர் பக்கம், நேர வித்தியாசத்தை பேங்க் பக்கம்.

லெட்ஜர் இருப்பு 87,620. வட்டி 561 கூட்டணும், எஸ்எம்எஸ் 17.70 கழிக்கணும். ஈபி பில்லுல 90 அதிகமா செலவு எழுதியிருந்ததால அதைக் கூட்டணும். அம்மாவோட 2,500 கூட்டி, வராத 2,500ஐக் கழிக்கணும். கிடைக்கிறது 88,253.30.

பேங்க் இருப்பு 91,653.30. லிஃப்ட் செக் 5,900 எப்படியும் போகப் போறது, கழிக்கணும். டெபாசிட் பண்ண செக் 2,500 வரப் போறது, கூட்டணும். கிடைக்கிறது அதே 88,253.30. தம்பி மீட்டிங்ல வாசிச்சது இந்த எண்ணைத்தான். 91,653ன்னு வாசிச்சிருந்தா, லிஃப்ட்காரருக்குச் சேர வேண்டிய பணத்தையும் சேர்த்து பெயின்டிங்குக்கு பட்ஜெட் போட்டிருப்பாங்க.

ஃபெயிலான வீட்டுக்காரர் ஜூலையில திருப்பி அனுப்பினது ஜூலை வரவு. "அவர்தான் கட்டிட்டாரே, ஜூன்லயே இருக்கட்டும்"னு விட்டுடலாமான்னு தம்பி கேட்டார். கூடாது. விட்டா ஜூன் மறுபடி ஒத்துப் போகாது. ஜூன் வரியை ரத்து பண்ணி, ஜூலையில புது எண்ணோட எழுதணும்.

ஒரு எல்லையும் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒத்துப் போறதால ஒவ்வொரு செலவும் நியாயமானதுன்னு ஆயிடாது. லாரிக்கு 1,800 போச்சுன்னு லெட்ஜரும் சொல்லுது, பேங்க்கும் சொல்லுது. அந்த லாரி தண்ணி கொண்டு வந்துச்சான்னு ரெண்டுமே சொல்லாது. அதுக்கு பில்லும், கேட்ல எழுதுற நோட்டும்தான். ரெண்டு பக்கத்துலயும் விட்டுப் போனதும் இதுல சிக்காது. காசா வாங்கி எங்கேயும் எழுதாத பணம் அப்படித்தான்.

பாக்கி வெச்ச ரெண்டு செக்கையும் அடுத்த மாச ஷீட்ல முதல் வரியா எழுதி வைக்கச் சொன்னேன். டெபாசிட் பண்ண செக் ஜூலை முதல் சில நாள்ல வரவாகலைன்னா, அது திரும்பியிருக்கு, உடனே பார்க்கணும். லிஃப்ட் செக்குக்கு தேதியில இருந்து மூணு மாசம்தான் ஆயுள். அதுக்குள்ள போடலைன்னா அந்தச் செலவு வரியை மாத்தி எழுதி, வேற செக் கொடுக்கணும். 2,500 செக் ஜூலை 1ஆம் தேதியே வரவாயிடுச்சு. லிஃப்ட்காரர் மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் அந்தச் செக்கைப் பையிலேயே வெச்சிருந்தார்.